இரண்டாவது மைக்கில் கேட்ட குரல்: பேட்டி கொடுத்தவரை எடிட்டில் மறைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பேட்டி கொடுத்தவர் ஒரு நிறுவனத்தில் பல வருடங்களாக வேலை பார்ப்பவர். அங்கே பாதுகாப்புச் சோதனை நடக்காமலேயே நடந்ததாகச் சான்றிதழ் எழுதப்பட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். பேட்டி எடுத்த நாளிலும் அதே இடத்தில்தான் வேலையில் இருந்தார். முகம் தெரியாது, குரல் அடையாளம் தெரியாது என்று வாக்குக் கொடுத்துத்தான் படத்தின் இயக்குநர் அவரைக் கேமரா முன்னால் உட்கார வைத்தார். அந்த வாக்கைக் காப்பாற்றும் வேலை எடிட்டரான என்னிடம் வந்தது.

வேலையிடம் பற்றிய விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். அவர் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லப் போவதில்லை. தமிழில் 'அவர்', 'சொன்னார்' என்றே முழுக் கதையையும் எழுதிவிட முடிவது இந்த மாதிரி வேலையில் பெரிய வசதி. படத்தின் பின்னணிக் குரலிலும் இதைத்தான் செய்தோம்.

என் கைக்கு வந்தது 52 நிமிடப் பதிவு. படத்தில் போகப் போவது 11 நிமிடம். அவர் ஜன்னலுக்கு எதிரே, வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி உட்கார்ந்திருந்தார். திரையில் கறுப்பு நிழலுருவம் மட்டும்தான். இரண்டு காலர் மைக்குகள்: ஒன்று அவர் சட்டையில், இன்னொன்று கேள்வி கேட்ட இயக்குநர் சட்டையில். இரண்டும் தனித்தனி டிராக்கில் பதிவாகியிருந்தன. இதைக் கேட்கும்போது எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத்தான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதல் எடிட்

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். அவருடைய டிராக்கில் பிட்ச் என்ற குரல் உயரத்தை மாற்றும் எஃபெக்டைப் போட்டு நான்கு செமிடோன், அதாவது நான்கு அரைச்சுரம், கீழே இறக்கினேன். வார்த்தைகளுக்கு நடுவே இரைச்சல் கேட்கக் கூடாது என்று, ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனதும் டிராக்கை மூடிவிடும் நாய்ஸ் கேட் ஒன்றையும் போட்டேன். படத்தில் கறுப்பை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கனத்த, கொஞ்சம் கரகரப்பான ஒரு குரல் வந்தது. அதை வைத்து அவரைக் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தேன்.

அன்று இரவு வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். எக்ஸ்போர்ட் செய்த கோப்பை இலவசமாகக் கிடைக்கும் ஒரு ஒலி மென்பொருளில் திறந்து, பிட்சை நான்கு செமிடோன் மேலே ஏற்றினேன். அவர் குரல் திரும்பி வந்துவிட்டது. ஓரங்களில் லேசாக உலோகச் சத்தம். மற்றபடி அவரேதான். எனக்கு ஆன நேரம் இரண்டு நிமிடம்.

ஏன் இப்படி ஆகிறது என்பது எளிய கணக்கு. நான்கு செமிடோன் இறக்கினால் ஒவ்வொரு அதிர்வெண்ணும் 0.79 மடங்காகிறது. 200 ஹெர்ட்ஸில் இருந்த குரல் 159 ஹெர்ட்ஸுக்கு வருகிறது. நான்கு ஏற்றினால் 1.26 மடங்கு, மறுபடி 200. இதில் எதுவும் அழியவில்லை, இடம் மாறியது மட்டும்தான். எத்தனை செமிடோன் இறக்கினேன் என்பது எதிராளிக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போனால் மனிதக் குரலாக இயல்பாய் ஒலிக்கும் இடத்தில் காதே நின்றுவிடும்.

பல மென்பொருட்களில் ஃபார்மன்ட்டைக் காப்பாற்று என்று ஒரு விருப்பம் இருக்கும். பாடகர்களுக்கு அது நல்லது, இந்த வேலைக்கு நல்லதல்ல. குரலின் உயரம் தொண்டையில் உள்ள நாண்கள் அதிரும் வேகத்தால் வருகிறது. ஆனால் 'இது இன்னார் குரல்' என்ற உணர்வில் பெரும்பங்கு தொண்டையும் வாயும் சேர்ந்த குழாயின் நீளத்தாலும் வடிவத்தாலும் வருகிறது. அந்தக் குழாய் எந்த அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கிறதோ அவைதான் ஃபார்மன்ட்கள். அவற்றை அப்படியே விட்டுவிட்டு உயரத்தை மட்டும் மாற்றினால், ஜலதோஷம் பிடித்த அதே ஆள் பேசுவதுபோல இருக்கும். கூட வேலை பார்ப்பவருக்கு அது ஒரு தடையே இல்லை.

இங்கேதான் என் அளவுகோல் மாறியது. அதுவரை தெரியாத ஒருவர் கண்டுபிடிக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஆபத்து தெரியாதவர்களால் வரப் போவதில்லை. தினமும் எதிர் மேஜையில் உட்கார்ந்து அவர் இருமுவதையும் சிரிப்பதையும் போனில் பேசுவதையும் கேட்பவர்தான் ஆபத்து. அந்த ஆளின் காதுக்கும் கண்ணுக்கும் தெரியக் கூடாது. அதற்குப் பிறகு எடுத்த எல்லா முடிவுகளும் இந்த அளவுகோலை வைத்து எடுத்தவைதான்.

"இதுல ரெண்டு பேர் பேசுறாங்க"

சரி, ஒரே அளவாக இறக்காமல், பிட்சை வாக்கியத்துக்கு வாக்கியம் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஃபார்மன்ட்டை வேறு அளவில் நகர்த்தி ஒரு இரண்டாவது வடிவம் செய்தேன். இதைத் திருப்புவது முன்பைவிடக் கஷ்டம். ஒலிக்கலவைக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் ஒலிக்கலவை செய்யும் தம்பி போன் செய்தார்.

"அண்ணா, இதுல ரெண்டு பேர் பேசுறாங்க. ஒருத்தர் மெதுவா, பின்னாடி."

நேரில் போய் அவருடைய ஹெட்ஃபோனை வாங்கிப் போட்டுக் கேட்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. "வார்த்தை முடியுற இடத்தைக் கேளுங்க" என்றார். ஒரு வாக்கியம் "...கையெழுத்து போட்டாங்க" என்று முடிகிறது. மாற்றிய கனத்த குரல் 'போட்டாங்' என்ற இடத்தில் நாய்ஸ் கேட் மூடி நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு, தூரத்து அறையில் இருந்து வருவதுபோல, மெல்லிசாக 'க' என்ற ஒலியின் வால். அந்த வால் மாற்றாத அசல் குரல்.

அது இயக்குநரின் மைக்கில் இருந்து வந்தது. கேள்விகளும், இடையிடையே அவர் சொல்லும் 'ம்', 'சரி' எல்லாமும் இயல்பாக இருக்கட்டும் என்று அந்த டிராக்கை முழுக்கத் திறந்து வைத்திருந்தேன். பேட்டி கொடுத்தவரின் வாயிலிருந்து அவருடைய மைக் சுமார் 20 செ.மீ. தூரம். இயக்குநரின் மைக் ஒன்றரை மீட்டர். தூரம் ஏழரை மடங்கு, அதனால் ஒலி 17, 18 டெசிபல் குறைவாகப் பதிவாகும். குறைவுதான், ஆனால் இல்லாமல் போகவில்லை. நான் எஃபெக்ட் போட்டது முதல் டிராக்கில் மட்டும். இரண்டாவது டிராக்கில் அவர் 11 நிமிடமும் தன் சொந்தக் குரலில் பேசிக்கொண்டிருந்தார். மேலே ஒலித்த மாற்றுக் குரல் அதை மூடி வைத்திருந்தது. கேட் அந்த மூடியை ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் திறந்து காட்டியது.

தம்பி அதை ஸ்பெக்ட்ரோகிராமில் போட்டுக் காட்டினார். நேரம் இடமிருந்து வலமாக, அதிர்வெண் கீழிருந்து மேலாக. மனிதக் குரலில் ஒரு உயிரெழுத்து ஒலித்தால் அங்கே சம இடைவெளியில் கிடைமட்டக் கோடுகள் அடுக்காக வரும். நம் பதிவில் ஒரே இடத்தில் இரண்டு அடுக்குகள் இருந்தன. 159, 318, 477 என்று பிரகாசமான ஓர் அடுக்கு. அதற்கு நடுவே 200, 400, 600 என்று மங்கலாக இன்னொன்று. கேட்டு முடிவு செய்ய முடியாத இடத்திலும் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. மறைக்கப்பட்ட பேட்டி எதுவாக இருந்தாலும் இப்போது முதலில் இந்தப் படத்தைத்தான் பார்க்கிறேன். ஒரே ஆள் பேசும் இடத்தில் இரண்டு அடுக்குக் கோடுகள் இருந்தால் எங்கோ அசல் கசிகிறது என்று அர்த்தம்.

இதற்கு வழி இயக்குநரின் டிராக்கில் ஒலியளவைக் குறைப்பதல்ல. குறைத்தாலும் மீதி இருக்கும், அதை யாரும் தூக்கிக் கேட்கலாம். பேட்டி கொடுத்தவர் வாய் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்த டிராக்கை வெட்டி எடுத்துவிட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் பேசிய இடங்கள் ஆறு இருந்தன. அந்த ஆறு கேள்விகளையும் இயக்குநரை உட்கார வைத்து மறுபடி பதிவு செய்தோம்.

அசலை முழுக்க எடுத்துவிடுவது

இந்தக் கசிவைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. அசல் குரலை எவ்வளவு மாற்றினாலும், மாற்றப்பட்ட அசல்தான் கோப்பில் இருக்கிறது. எத்தனை எஃபெக்ட் போட்டாலும் சில விஷயங்கள் தொடப்படுவதே இல்லை. பேசும் வேகம், எந்தச் சொல்லில் அழுத்துகிறார், எங்கே மூச்சு வாங்குகிறார், வாக்கியத்தை எப்படி ஆரம்பிக்கிறார். இவர் எந்தக் கேள்விக்கும் "அதாவது பாருங்க" என்று ஆரம்பிப்பார். எழுத்துப்படியில் எண்ணிப் பார்த்தேன். 11 நிமிடத்தில் 14 முறை. எதிர் மேஜைக்காரருக்கு அந்த இரண்டு வார்த்தையே போதும்.

அதனால் அசல் குரலை முழுக்க விட்டுவிட்டு, டப்பிங் கலைஞர் ஒருவரை வைத்துப் பேச வைக்கலாம் என்று இயக்குநரிடம் சொன்னேன். அவர் தயங்கினார். பேட்டியில் ஓர் இடத்தில் அந்த மனிதர் பேச்சை நிறுத்திவிடுவார். ஏழு விநாடி ஒன்றுமே இல்லை. பிறகு குரல் உடைந்து ஒரே ஒரு வாக்கியம். அதை எந்தக் கலைஞரும் கொடுக்க முடியாது என்றார். அது உண்மைதான், அந்த இடத்தில் நாம் ஒன்றை இழக்கிறோம். ஆனால் அந்த உடைந்த குரல்தான் அவரை நன்றாகத் தெரிந்தவர்களுக்கு மிக எளிதாக அடையாளம் தெரியும் குரலும் கூட.

டப்பிங்கில் நாங்கள் வைத்துக்கொண்ட முக்கியமான விதி, கலைஞருக்கு அசல் ஒலியைக் கொடுக்கவே கூடாது என்பது. இரண்டு காரணங்கள். அசலைக் கேட்கும் ஒவ்வொருவரும் அந்த மனிதரை அடையாளம் காணக்கூடிய இன்னொருவர். அதைவிட, நல்ல கலைஞர் கேட்டதைப் பிடித்துக்கொள்வார். கேட்ட குரலின் ஏற்ற இறக்கத்தையும் இழுப்பையும் தன்னை அறியாமலே கொண்டுவந்துவிடுவார். அது அவருடைய திறமை. ஆனால் இங்கே நாம் அழிக்க நினைப்பதே அந்த ஏற்ற இறக்கத்தைத்தான். எனவே எழுத்துப்படி மட்டும் கொடுத்தோம்.

அந்த எழுத்துப்படியிலும் வேலை இருந்தது. "அதாவது பாருங்க" எல்லாவற்றையும் எடுத்தேன். அவர் பகுதிக்கே உரிய நான்கு சொற்களுக்குப் பதிலாக எல்லா இடத்திலும் புழங்கும் சொற்களைப் போட்டேன். ஆனால் ஒருவர் சொன்னதை நாம் திருத்தி எழுதுகிறோம் என்றால் அது சின்ன விஷயமல்ல. ஒரு சொல் மாறினால் குற்றச்சாட்டின் எடையே மாறலாம். திருத்திய படியை அவரே படித்து, வரிக்கு வரி சம்மதம் சொன்ன பிறகுதான் ஒலிப்பதிவுக்குப் போனோம். ஒரு இடத்தில் அவர் என்னைத் திருத்தினார். 'கையெழுத்து போடச் சொன்னாங்க' என்பதை நான் வாக்கியம் சுருங்கட்டும் என்று 'போட வைச்சாங்க' என்று மாற்றியிருந்தேன். "என்னைக் கட்டாயப்படுத்தலைங்க, சொன்னாங்க, நான் போட்டேன்" என்றார். திரும்ப மாற்றினேன்.

பார்ப்பவர்களிடமும் மறைக்கவில்லை. அவர் வரும் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் 'சொற்கள் பேட்டி கொடுத்தவருடையவை, குரல் வேறொருவருடையது' என்று திரையில் எழுத்தாகப் போட்டோம்.

அந்த ஏழு விநாடி மௌனத்தை வைத்துக்கொண்டோம். ஆனால் மௌனம் என்று நாம் சொல்வது ஒலி இல்லாத இடமல்ல. அதில் அவருடைய மூச்சு இருந்தது, மூக்கை உறிஞ்சும் சத்தம் இருந்தது. அதை எடுத்துவிட்டு, கலைஞர் பேசிய ஒலிப்பதிவு அறையின் வெற்று ஒலியை ஏழு விநாடிக்கு வைத்தேன். முதலில் பேட்டி எடுத்த அறையின் வெற்று ஒலியைத்தான் போட்டிருந்தேன், அதுதான் இயல்பாக இருக்கும் என்று. தம்பிதான் வேண்டாம் என்றார். மின்சாரம் ஓடும் கட்டடத்தில் பெரும்பாலும் ஒரு மெல்லிய 'ம்ம்ம்' பதிவாகும். அதன் அதிர்வெண் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். அது ஒரே இடத்தில் நிற்காமல் மின்கட்டமைப்பின் சுமைக்கு ஏற்ப இம்மியளவு ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து பதிந்து வைத்திருப்பவர்கள், ஒரு ஒலிப்பதிவை அதோடு பொருத்தி அது எப்போது எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க முடியும். தடயவியலில் இது நடைமுறையில் உள்ள முறை. எந்த நாள், எந்த நேரம் என்று தெரிந்தால், அன்று வேலைக்கு வராதவர் யார் என்று பார்ப்பது ஒரு நிறுவனத்துக்குப் பெரிய வேலையல்ல.

கறுப்பு என்று நினைத்தது

படத்திலும் அதே கதைதான். திரையில் கறுப்பாகத் தெரிந்த நிழலுருவத்தை எக்ஸ்போர்ட் செய்த கோப்பில், இருட்டை வெளிச்சமாக்கும் காமாவை ஏற்றி இப்படிப் போட்டுப் பார்த்தேன்:

```
ffplay -vf "eq=gamma=5" final.mp4
```

காது தெரிந்தது. சட்டைக் காலரின் மடிப்பு தெரிந்தது. மணிக்கட்டில் கடிகாரம், அதன் பட்டையின் நிறம்கூட. 8-பிட் வீடியோவில் முழுக் கறுப்பு 16, முழு வெள்ளை 235. அவர் உருவம் இருந்த பகுதி 18 முதல் 30 வரை பரவிக் கிடந்தது. சாதாரணத் திரையில் கண்ணுக்கு அது ஒரே கறுப்பு. ஆனால் அந்தப் பன்னிரண்டு படிகளுக்குள் ஒரு முகத்துக்குத் தேவையான விவரம் இருக்கிறது. இப்போதைய கேமராக்கள் நிழலில் உள்ளதைக் காப்பாற்றுவதற்காகவே செய்யப்பட்டவை. அதுவும் இங்கே நமக்கு எதிராகிறது.

எனவே வெளிச்சத்தைக் குறைப்பதை விட்டுவிட்டேன். உருவத்தைச் சுற்றி மாஸ்க் வரைந்து, உள்ளே முழுக்க ஒரே மதிப்பாக, தட்டையாக நிரப்பினேன். அதற்குப் பிறகு காமாவை எவ்வளவு ஏற்றினாலும் ஒரு சாம்பல் அட்டைதான் தெரியும். விளிம்புக்கோட்டையும் அப்படியே விடவில்லை. பக்கவாட்டில் திரும்பும்போது மூக்கும் தாடையும் தலைமுடியின் வடிவமும் கோடாகத் தெரிகின்றன. தெரிந்தவருக்கு அந்தக் கோடே முகம். பக்கவாட்டு ஷாட்களை எடுத்தேன். மற்றவற்றில் விளிம்பை உள்ளேயும் வெளியேயும் கொஞ்சம் மாற்றி வரைந்து மழுப்பினேன். கை ஆட்டிப் பேசும் இடங்களுக்குப் பதிலாக வெற்று நாற்காலியும் ஜன்னலும் வைத்தேன். டப்பிங் குரலோடு தலை அசைவு பொருந்தாத பிரச்சினையும் அதில் தீர்ந்தது.

இவ்வளவு எதற்கு, மொசைக் போட்டால் போதாதா என்று தயாரிப்பில் ஒருவர் கேட்டார். போதாது. முகத்தில் செய்யும் மாற்றம் விவரத்தை அழிக்கிறதா, இடம் மாற்றி வைக்கிறதா என்பதுதான் கேள்வி. குழந்தைகளைத் துன்புறுத்திய படங்களில் தன் முகத்தை மட்டும் சுழல்போல முறுக்கி மறைத்திருந்த ஒருவரை 2007இல் இன்டர்போல் தேடியது. ஜெர்மன் காவல்துறை நிபுணர்கள் அந்தச் சுழலை எதிர்த்திசையில் முறுக்கி முகத்தை வெளியே கொண்டுவந்தார்கள். படம் வெளியிடப்பட்ட சில நாட்களில் அவர் தாய்லாந்தில் பிடிபட்டார். அந்த விஷயத்தில் அது நல்லதற்குத்தான் நடந்தது. ஆனால் நம்மிடம் வருபவரின் முகத்தைத் தேடுபவர்களும் அதே கணிதத்தைப் பயன்படுத்தலாம். மொசைக் சுழலைவிட அதிகம் அழிக்கிறது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு கட்டமும் தனக்குள் இருந்த நிறங்களின் சராசரியை வைத்திருக்கிறது. அசையும் படத்தில் தலை லேசாக நகரும்போது ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறு சராசரி கிடைக்கும். ஒரே முகத்தைச் சல்லடையை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதுபோல. மொசைக்கும் பிளரும் போட்ட முகங்களை, ஏற்கெனவே தெரிந்த ஒரு பட்டியலில் இருந்து கணினி பொருத்திச் சொல்ல முடியும் என்று 2016இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு நிறுவனத்திடம் அந்தப் பட்டியல் இருக்கிறது, ஊழியர் அடையாள அட்டைப் படங்களாக.

பிளர் மாதிரித் தோற்றம் வேண்டும் என்று யாராவது பிடிவாதமாக இருந்தால் ஒரு வழி உண்டு. முதலில் முகத்தைத் தோல் நிறத்தில் தட்டையாக நிரப்பிவிட்டு, அதற்கு மேல் பிளரைப் போடலாம். பார்க்க பிளர்போல இருக்கும், பின்னால் எடுப்பதற்கு ஒன்றும் இருக்காது.

இரண்டு ஃப்ரேம்

இதெல்லாம் முடித்து, 38 கட்களையும் ஒவ்வொன்றாக ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தபோது, ஒரு ஷாட் மெல்ல மறைந்து அடுத்தது தெரியும் டிசால்வ் ஒன்றின் முடிவில் மாஸ்க் இல்லாமல் இரண்டு ஃப்ரேம் இருந்தது. விநாடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் படத்தில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு விநாடிகூட இல்லை. ஓடும்போது யார் கண்ணிலும் படாது. நிறுத்திப் பார்ப்பவர் கண்ணில் படும்.

மாஸ்க்கை ஷாட்டின் கடைசி ஃப்ரேம் வரைக்கும் நகர்த்தி வரைந்திருந்தேன். அதன் பிறகு இயக்குநர் கேட்டார் என்று அங்கே ஒரு விநாடி டிசால்வ் போட்டேன். டிசால்வ் போட்டால் ஷாட் தன் வெட்டுக்கு அப்பால் இன்னும் 12 ஃப்ரேம் ஓடும். அந்தப் பகுதிக்கு நான் மாஸ்க்கை வரையவே இல்லை. அவர் அசையாமல் இருந்தவரை பழைய மாஸ்க் பொருந்தியது. கடைசி இரண்டு ஃப்ரேமில் தலையைச் சாய்த்தார், கன்னம் வெளியே வந்தது.

அந்த இரண்டு ஃப்ரேமைச் சரிசெய்துவிட்டு வேலை முறையையே மாற்றினேன். மறைப்பை டைம்லைனில் எஃபெக்டாக வைத்திருக்கும்வரை, யாராவது ஒரு கட்டை நகர்த்தினால், ஒரு லேயர் ஒரு ஃப்ரேம் முன்னதாக முடிந்தால், அசல் எட்டிப் பார்க்கும். முன்னோட்டக் காட்சி வெட்டும் இன்னொரு எடிட்டர் அசல் கோப்பையே எடுத்துப் போட்டுவிடவும் வாய்ப்பு உண்டு. எனவே முதலில் 52 நிமிடப் பதிவில் நமக்கு வேண்டிய பகுதிகளை, இரு பக்கமும் தாராளமாக இடம் விட்டு மறைத்து, ஒலி இல்லாமல், புதிய கோப்புகளாக ரெண்டர் செய்தேன். பிறகு புராஜெக்டில் இருந்து அசலையும் அதன் சிறிய நகல்களான பிராக்ஸிகளையும் நீக்கினேன். படம், முன்னோட்டம், சுவரொட்டிக்கான ஸ்டில் எல்லாம் அந்த மறைத்த கோப்பிலிருந்துதான். அசல் இருந்த டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டு, எந்த நெட்வொர்க்கிலும் சேராமல், இயக்குநரிடம் போனது. அது எப்போது அழிக்கப்படும் என்பதைப் பேட்டி கொடுத்தவருடன் முன்பே பேசி எழுதி வைத்திருந்தார்கள்.

கோப்பு வெளியே போகும் முன் அதற்குள் என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஒலிக்கலவைக்காக நான் செய்திருந்த மாஸ்டரில் நான்கு ஒலி டிராக் இருந்தன. பெரும்பாலான பிளேயர்கள் முதல் டிராக்கை மட்டும்தான் ஒலிக்கும். மூன்றாவதில் அசல் குரல் உட்கார்ந்திருந்தது. பழைய எக்ஸ்போர்ட் அமைப்பை அப்படியே பயன்படுத்தியதால் வந்த மிச்சம் அது. எத்தனை டிராக் என்று முதல் வரி காட்டும். இறுதிக் கலவையை மட்டும் வைத்து, மெட்டாடேட்டாவை விட்டுவிட்டுப் புதுக் கோப்பு செய்வது இரண்டாவது:

```
ffprobe -hide_banner master.mov
ffmpeg -i master.mov -map 0:v:0 -map 0:a:0 \
  -map_metadata -1 -map_chapters -1 \
  -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p \
  -c:a aac -b:a 192k final.mp4
```

இதில் 0:a:0 என்பது இறுதிக் கலவைதானா என்று காதால் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு final.mp4 மீதும் ffprobe ஓட்டி, ஒரு படம் ஒரு ஒலி தவிர வேறொன்றும் இல்லை என்று பார்க்க வேண்டும். மெட்டாடேட்டா எவ்வளவு காட்டிக்கொடுக்கும் என்பதற்கு 2012இல் நடந்ததைச் சொன்னால் போதும். தலைமறைவாக இருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபியுடன் எடுத்த ஒரு புகைப்படம் இணையத்தில் வந்தது. போன் கேமரா அந்தக் கோப்பில் எழுதி வைத்திருந்த ஜிபிஎஸ் எண்களை வைத்து, அவர் குவாத்தமாலாவில் இருக்கிறார் என்று அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கடைசிப் பார்வை

வெளியிடுவதற்கு முன் படத்தை ஒருவருக்கு மட்டும் போட்டுக் காட்டினோம், பேட்டி கொடுத்தவருக்கு. அவருடைய நெருங்கிய உறவினர் ஒருவருக்கும் காட்டிப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன், கடினமான சோதனையாக இருக்கும் என்று. வேண்டாம் என்றார். அவர் பேட்டி கொடுத்தது வீட்டில் யாருக்கும் தெரியாது.

தனியாக உட்கார்ந்து 11 நிமிடத்தையும் இரண்டு முறை பார்த்தார். குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நிழலுருவத்தைப் பார்த்து, "இது நானான்னு எனக்கே தெரியலை" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் நான்காவது நிமிடத்துக்குப் போகச் சொன்னார். அங்கே டப்பிங் குரல் சொல்கிறது: "அந்த மீட்டிங்ல நான் ஒரு கேள்வி கேட்டேன், யாரும் பதில் சொல்லலை."

"இந்த வரியை எடுத்துடுங்க" என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"அந்த மீட்டிங்ல நாலு பேர்தான் இருந்தோம். கேள்வி கேட்டது ஒரே ஆள்."

மூன்று வாரமாக அந்த வாக்கியத்தின் ஒலியையும் படத்தையும் தடவித் தடவிப் பார்த்திருக்கிறேன். அது என்ன சொல்கிறது என்று ஒருமுறைகூட அந்த நாலு பேரின் காதால் நான் கேட்கவில்லை. வரியை எடுத்தோம். பிறகு எழுத்துப்படியை அச்செடுத்து, இருவரும் மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும் 'இது எத்தனை பேருக்குத் தெரியும்' என்று ஓர் எண்ணை எழுதிக்கொண்டே வந்தோம். ஐந்துக்குக் கீழே எண் விழுந்த வாக்கியங்கள் இன்னும் மூன்று இருந்தன. இரண்டை எடுத்தோம். மூன்றாவது, போலிச் சான்றிதழ் எந்த இழுப்பறையில் இருந்தது என்பது. அது இல்லாமல் குற்றச்சாட்டு நிற்காது. அவரே யோசித்து ஒரு வழி சொன்னார். அந்த இழுப்பறையின் சாவி வைத்திருந்த இன்னொருவர் ஏற்கெனவே வேலையை விட்டுப் போய், இதே விஷயத்தைத் தன் பெயரிலேயே எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தார். இயக்குநர் மறுநாள் அவரைப் போய்ப் பார்த்தார். படத்தில் அந்த வாக்கியம் இப்போது அவருடைய கடிதத்திலிருந்து வருகிறது.

11 நிமிடம் 10 நிமிடம் 20 விநாடியானது. ரெண்டரை மறுபடி போட்டு, ஸ்பெக்ட்ரோகிராமையும் காமாவையும் கட்களையும் முதலிலிருந்து பார்த்தேன்.